தொடர் உத்திரத்தில் திருப்புத்திறன் பங்கீடு: கடைசி முனையை விடுவிக்கும் படி

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் கட்டட அமைப்பியல் நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். திருப்புத்திறன் பங்கீட்டுக் கணக்கில் மாணவர் நடுத்தாங்கியின் இருபுறமும் ஒரே எண்ணைக் கொண்டுவந்துவிடுகிறார். ஆனாலும் விடை தவறாக இருக்கிறது. இது எப்படி நேர்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒரே ஒரு கணக்கின் வழியாகப் பார்ப்போம்.

முறையின் அடிப்படை

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் 1930-இல் இம்முறையை வெளியிட்டார். முதலில் எல்லாத் தாங்கிகளிலும் உத்திரம் சுழலாதபடி பூட்டப்பட்டிருப்பதாகக் கொள்கிறோம். பிறகு உண்மையில் சுழலக்கூடிய இடங்களின் பூட்டைத் திறக்கிறோம். திறந்ததும் அங்கே எஞ்சியிருக்கும் திருப்புத்திறன், அங்கே சேரும் உறுப்புகளின் விறைப்புக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது.

ஓர் உறுப்பின் ஒரு முனையை θ அளவு சுழற்ற, மறுமுனை இறுகியிருந்தால், 4EIθ/L திருப்புத்திறன் தேவை. அப்போது மறுமுனையில் 2EIθ/L தோன்றும். அதாவது பாதி. ஆகவே விறைப்பு 4EI/L, கடத்தல் காரணி 1/2.

மறுமுனை தடையின்றிச் சுழலக்கூடியது என்றால் அந்த 2EIθ/L அங்கே நிற்க முடியாது. அதை நீக்க எதிர்க்குறியில் அதே அளவைச் செலுத்துகிறோம். அதில் பாதியான EIθ/L எதிர்க்குறியுடன் முதல் முனைக்குத் திரும்பி வருகிறது. நான்கில் ஒன்று கழிந்து மூன்று மிஞ்சுகிறது. 3EI/L என்ற விறைப்பு இப்படித்தான் கிடைக்கிறது. மாணவர் இதை மனப்பாடமாக எழுதாமல், நான்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும்படி கரும்பலகையில் ஒருமுறை செய்துகாட்டுவது நல்லது.

கணக்கு

ABC என்ற தொடர் உத்திரத்தில் A முனை இறுகியது. B நடுத்தாங்கி. C முனை தாங்கியின் மேல் தடையின்றிச் சுழலும். AB 4 மீட்டர், BC 6 மீட்டர். இரு கண்களிலும் மீட்டருக்கு 18 கிலோ நியூட்டன் சீரான பளு. EI முழுவதும் ஒன்றே. உறுப்பின் முனையில் வலஞ்சுழியாகச் செயல்படும் திருப்புத்திறனை நேர்க்குறியாகக் கொள்வோம். அலகு கிலோ நியூட்டன் மீட்டர்.

முதலில் எல்லா முனைகளும் பூட்டப்பட்ட நிலை. wL²/12 என்ற வாய்பாட்டின்படி AB கண்ணில் A முனையில் −24, B முனையில் +24. BC கண்ணில் B முனையில் −54, C முனையில் +54.

இப்போது C-ஐ விடுவிக்கிறோம். அங்குள்ள +54 நீங்க −54 செலுத்துகிறோம். அதில் பாதி, −27, B-க்குக் கடத்தப்படுகிறது. ஆகவே BC-இன் B முனையில் −54 − 27 = −81. இது wL²/8-க்குச் சமம் என்பதை மாணவரே சரிபார்க்கலாம்.

C விடுவிக்கப்பட்டுவிட்டதால் BC-இன் விறைப்பு 3EI/6 = 0.5EI. A இறுகியே இருப்பதால் AB-இன் விறைப்பு 4EI/4 = EI. மொத்தம் 1.5EI. பங்கீட்டுக் காரணிகள் BA-க்கு 2/3, BC-க்கு 1/3.

B-இல் எஞ்சியிருப்பது 24 − 81 = −57. சமன் செய்ய +57 தேவை. அதில் 38 BA-க்கும் 19 BC-க்கும் செல்கின்றன. BA பெற்ற 38-இல் பாதி, 19, A-க்குக் கடத்தப்படுகிறது. C-க்கு எதுவும் கடத்தப்படுவதில்லை. அங்கே பூட்டே இல்லை.

| | AB | BA | BC | CB |
|---|---|---|---|---|
| பங்கீட்டுக் காரணி | – | 2/3 | 1/3 | – |
| பூட்டிய நிலை | −24 | +24 | −54 | +54 |
| C-ஐ விடுவித்தல் | – | – | −27 | −54 |
| B-ஐச் சமன் செய்தல் | – | +38 | +19 | – |
| A-க்குக் கடத்தல் | +19 | – | – | – |
| இறுதி | −5 | +62 | −62 | 0 |

ஒரே சுற்றில் கணக்கு முடிந்துவிட்டது. C-ஐ முன்கூட்டி விடுவிக்காமல் இரு கண்களுக்கும் 4EI/L எடுத்தால் காரணிகள் 0.6, 0.4 ஆகும். B-யும் C-யும் மாறி மாறித் திருப்புத்திறனைக் கடத்திக்கொண்டிருக்கும். ஐந்து சுற்றுக்குப் பின் BA-இல் 61.8 வரும். அதுவும் 62-ஐ நோக்கித்தான் நகர்கிறது.

எங்கே தவறு நேர்கிறது

C-ஐ விடுவிப்பது ஒரே செயல்தான். ஆனால் அதன் விளைவு இரண்டு இடங்களில் எழுதப்பட வேண்டும்: விறைப்பு 3EI/L ஆகிறது, B-இல் −54 என்பது −81 ஆகிறது. மாணவர் பெரும்பாலும் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார். அப்போது B-இல் எஞ்சுவது −30. பங்கிட்டால் 20, 10. இறுதியில் BA +44, BC −44, A-இல் −14.

B-இல் இருபுறமும் 44. பார்வைக்குக் குறையே இல்லை. தாங்கு விசைகளைக் கண்டு கூட்டினாலும் மொத்தப் பளுவான 180 கிலோ நியூட்டன் சரியாக வந்துவிடும். ஏனெனில் B-இல் எந்த எண்ணை எழுதினாலும் விசைகளின் சமநிலை நிறைவேறும். சமநிலையைச் சோதிப்பது இத்தவறைக் காட்டிக்கொடுக்காது.

காட்டிக்கொடுப்பது சாய்வு. உத்திரம் B-இல் முறியாமல் தொடர்வதால் இடப்புறமும் வலப்புறமும் ஒரே கோணத்தில்தான் சுழல முடியும். BC பக்கத்தில் EIθ = wL³/24 − ML/3. சரியான விடையில் 162 − 124 = 38. AB பக்கத்தில் A இறுகியிருப்பதால், BA பெற்ற பங்கை 4/L-ஆல் வகுத்தால் போதும்: 38 ÷ 1 = 38. இரண்டும் ஒன்றே. தவறான விடையில் BC பக்கம் 162 − 88 = 74, AB பக்கம் 20. உத்திரம் B-இல் ஒடிந்திருந்தால்தான் இப்படி இருக்க முடியும்.

இது மதிப்பெண்ணோடு முடிகிற தவறன்று. B-க்கு மேல் உத்திரத்தின் மேற்பகுதி இழுவிசைக்கு உள்ளாகிறது. 62-க்குப் பதிலாக 44-க்குக் கம்பி வைத்தால் தேவையைவிட ஏறத்தாழ 29 விழுக்காடு குறைவான திருப்புத்திறனுக்கே வடிவமைத்திருப்போம். நடுத்தாங்கிக்கு மேலே விரிசல் விழும் இடம் அதுவே.

A-இல் 5 மட்டுமே வந்ததையும் வகுப்பில் கேள்வியாக்கலாம். நீண்ட கண் BC தாழும்போது B வலஞ்சுழியாகச் சுழல்கிறது. அச்சுழற்சி AB கண்ணை மேல்நோக்கித் தூக்கி, A-இல் இருந்த 24-இல் 19-ஐ நீக்கிவிடுகிறது. BC-இன் நீளத்தை இன்னும் கூட்டினால் A-இல் குறியே மாறிவிடும். 7 மீட்டருக்குக் கணக்கிட்டுப் பார்க்கும்படி மாணவரிடம் கொடுக்கலாம்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். தாங்கிகள் கீழிறங்கவில்லை என்ற எடுகோளில்தான் இந்த எண்கள் பொருந்தும். B சில மில்லிமீட்டர் அமிழ்ந்தாலும் பூட்டிய நிலைத் திருப்புத்திறன்களோடு அதன் விளைவையும் சேர்த்த பிறகே பங்கிடத் தொடங்க வேண்டும். இரு கண்களின் குறுக்குவெட்டு வேறுபட்டால் விறைப்பில் அந்தந்தக் கண்ணின் I-ஐ இட வேண்டும். பங்கிடும் வரிசையும் சாய்வுச் சோதனையும் அப்போதும் இவையே.