இல்லை எனச் சொல்லும் மடல்: ஒரு மொழிபெயர்ப்பு ஆய்வு

ஆங்கிலத்தில் எழுதப்பெறும் அலுவலக மடல்களுள் தமிழில் பெயர்த்தற்கு மிகவும் அரியது எது என வினவின், வேலை இல்லை என விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கும் மடலே என்போம். அதன் சொற்கள் எளியவை. வாக்கியங்கள் ஐந்தாறுக்கு மேல் இரா. எனினும் அதனைத் தமிழாக்க முனைவோர் இரண்டு பிழைகளுள் ஒன்றில் வீழ்வதைக் காண்கிறோம். ஒன்று, கடுமை, மற்றொன்று, மயக்கம். பின்னதே பெருந்தீங்கு விளைப்பது என்பதை ஒரு நிகழ்ச்சியால் உணர்ந்தோம்.

நம் துறையில் இளங்கலை பயின்று, இன்று ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் இருக்கும் மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மைக் காண வந்தார். கணக்கு உதவியாளர் பணிக்கு அந்நிறுவனம் நேர்காணல் நடத்தியிருந்தது. வந்தவர் ஒன்பதின்மர், இடம் ஒன்று. எஞ்சிய எண்மருக்கும் அனுப்புவதற்கு ஆங்கில மின்னஞ்சல் ஒன்று ஆயத்தமாக இருந்தது. விண்ணப்பதாரர் பலரும் தமிழ்வழியில் பயின்றோர் ஆதலின் அதனைத் தமிழாக்கி அனுப்பினர். அதனைப் பெற்ற பெண் ஒருவர், மூன்று வாரம் காத்திருந்துவிட்டு, தமக்குக் கிடைத்த வேறொரு சிறுவேலையையும் மறுத்துவிட்டு, "எந்த நாளில் வந்து சேரவேண்டும்?" எனத் தொலைபேசியில் வினவினாராம். "மடலில் எங்கே ஐயா பிழை?" என்பது மாணவரின் கேள்வி.

மடலின் நடு வாக்கியம் இவ்வாறு இருந்தது: "துரதிருஷ்டவசமாக, தற்போது தங்களுக்கு வாய்ப்பளிக்க இயலாத நிலையில் உள்ளோம்; மற்ற விண்ணப்பதாரர்களுடன் முன்னோக்கிச் செல்கிறோம்; தங்கள் விவரங்களை எங்கள் கோப்பில் வைத்துள்ளோம்." ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் ஒன்று இதில் உள்ளது. ஆயினும் 'இல்லை' என்னும் பொருள் எங்கும் இல்லை.

'இயலாத நிலையில் உள்ளோம்' என்பதை நோக்குவோம். 'நிலை' என்றதும் அது மாறக்கூடியது என்னும் எண்ணம் தோன்றுகிறது. அதன்முன் 'தற்போது' என்னும் சொல் நின்று அவ்வெண்ணத்தை உறுதிசெய்கிறது. இன்று இயலாது, நாளை இயலலாம் என்பதே படிப்போர் கொள்ளும் பொருள். 'முன்னோக்கிச் செல்கிறோம்' என்பதோ ஆங்கிலத்தில் வழக்காகிப்போன ஒரு தொடர். தமிழில் அது ஊர்வலத்தை நினைவூட்டுமேயன்றி வேறொருவரைத் தேர்ந்துகொண்ட செய்தியை உணர்த்தாது. மூன்றாவதாக, கோப்பு. 'வைத்துள்ளோம்' என்றால் எடுப்பதற்காகவே வைத்தனர் என்றுதானே பொருள்படும்? ஆங்கிலத்தில் இத்தொடரைக் கேட்டுப் பழகியோர் அதனை வெறும் உபசாரமாகக் கொள்வர். தமிழில் அப்பழக்கம் இல்லை. ஆகவே அது வாக்குறுதியாகிவிடுகிறது. அப்பெண் மடலைத் தவறாகப் படிக்கவில்லை. மடல் சொன்னதையே படித்தார்.

ஈண்டு நம் இலக்கணம் கூறும் ஒரு செய்தி துணைநிற்கிறது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குவார். மங்கலம் என்பது மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் கூறுதல். இறந்தாரைத் துஞ்சினார் என்பது போல. அச்சொல் மென்மையானது. ஆயினும், துஞ்சினார் எனக் கேட்டோர் எவரும் அவர் விடியலில் எழுவார் என எதிர்பார்ப்பதில்லை. மரபு அச்சொல்லின் பொருளை அறுதியிட்டு வைத்திருக்கிறது. மென்மையும் முடிபும் ஒருங்கே நிற்பது இதனால்தான். வேலை மறுப்புக்கோ நம் மொழியில் அத்தகைய மரபுத்தொடர் இன்னும் உருவாகவில்லை. எனவே மென்மைச் சொல்லால் மட்டும் பொருளை மறைத்துக் கூறினால், மறைந்தது மறைந்தே போகிறது.

அங்ஙனமாயின் வெளிப்படையாகக் கூறும் சொல் எது? மாணவர் முதலில் 'தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என மாற்றிக் காட்டினார். ஐயத்துக்கு இடமில்லைதான், ஆனால் இது குறையுள்ள மனுவை ஓர் அலுவலகம் தள்ளுபடி செய்யும் நடை. நேர்காணல்வரை அழைத்துவிட்டு இவ்வாறு எழுதுதல் பொருந்தாது. 'தாங்கள் தேர்வு பெறவில்லை' என்பது அடுத்த முயற்சி. தேர்வு என்னும் சொல் இன்று பரீட்சைக்கும் தெரிந்தெடுத்தலுக்கும் பொதுவாகிவிட்டது. படிப்பவர் மனத்தில் பரீட்சையே முந்தி வரும். தோற்றுப்போனோம் என எண்ணுவார். எட்டுப் பேரும் தோற்றவர் அல்லர். இடம் ஒன்றே இருந்தது. ஆகவே 'தெரிவு' என்னும் சொல்லைக் கொண்டோம். இலங்கைத் தமிழில் இச்சொல் இயல்பாக வழங்குகிறது. இங்கும் பொருள் விளங்காமற் போகாது.

இனி வினைமுற்று. 'தங்களைத் தெரிவு செய்யவில்லை' என்பது முடிவானதாகத் தோன்றும். ஆனால் இவ்வெதிர்மறை வடிவம் இக்காலத் தமிழில் இறந்தகாலத்துக்கே உரியதன்று. 'இன்னும் செய்யவில்லை' எனவும் சொல்கிறோம் அல்லவா? நம்பிக்கையோடு படிப்பவர் அந்த 'இன்னும்' என்பதைத் தாமே சேர்த்துக்கொள்வார். எதிர்மறையால் மட்டும் கதவு அடைபடாது. நிகழ்ந்து முடிந்த ஒன்றை உடன்பாட்டால் கூறவேண்டும். 'இப்பணிக்கு வேறொருவரைத் தெரிவு செய்துள்ளோம்' என்றால் இடம் நிரம்பிற்று என்பது தெளிவு. 'செய்துவிட்டோம்' எனின் முடிபு இன்னும் அழுத்தமாகும். ஆயினும் விடு என்னும் துணைவினை 'இனி என்ன செய்வீர்' என்பதுபோன்ற ஒரு குரலையும் கூட்டிவரும். ஆகவே அதனை விலக்கினோம்.

காரணத்தை முன்னும் மறுப்பைப் பின்னும் வைத்தல் நலம். வேறொருவரைத் தெரிவு செய்துள்ளோம் எனக் கேட்டபின், 'ஆகவே இப்பணியைத் தங்களுக்கு வழங்க இயலாது' என்பது முகத்தில் அறைவதாகத் தோன்றாது. இங்கு 'இயலவில்லை' என்னாது 'இயலாது' என்றமை கருதத்தக்கது. முன்னது முயன்று பார்த்த ஒரு பொழுதைச் சுட்டும். பின்னது வரும் காலத்தையும் அடைக்கும். மாணவர் இச்சொல் கடியது என்றார். தனியே நின்றால் கடியதே.

'துரதிருஷ்டவசமாக' என்பதை அறவே நீக்கினோம். ஆங்கிலத்தின் 'அன்ஃபார்ச்சுனேட்லி' வாக்கியத்தைத் தொடங்குவதற்கான ஓர் இருமல் போன்றது. தமிழ்ச்சொல்லோ விதியைச் சாட்டுகிறது. தெரிவு செய்தவர் மனிதர், விதியன்று. 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்பதிலும் இடர் உண்டு. நாளிதழின் இரங்கல் அறிவிப்புகளில் பயின்ற தொடர் அது. மடலைத் திறந்ததும் அதனைக் கண்டால் யார் மறைந்தார் என மனம் திடுக்கிடும். 'மன்னிக்கவும்' என்றால் தவறு நடந்ததாகிவிடும். தவறு நடந்திருந்தால் அதனைத் திருத்தும்படி ஒருவர் கேட்பது முறையன்றோ?

மற்றொரு நுட்பம் தன்மைப் பன்மையைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பது தமிழில் நாம் எனவும் நாங்கள் எனவும் இரண்டாகும். இக்கட்டுரையில் நாம் என எழுதுங்கால் படிப்போரையும் உளப்படுத்துகிறோம். மறுப்பு மடலில் அது ஆகாது. 'நம் நிறுவனம்' என ஓரிடத்தில் எழுதியிருந்தனர். கையொப்பமிட்டவருக்கு அது நாள்தோறும் வழங்கும் தொடர். பெறுபவருக்கோ அந்த 'நம்' தம்மையும் உள்ளே அழைத்துக்கொண்ட சொல்லாகத் தோன்றும். எங்கள் நிறுவனம் என்பதே இங்கு நேர்மையானது.

அன்பை எங்கே வைப்பது? தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், இல்லை என்று கூறும் முறையையும் வகுத்துள்ளார். பயறு உண்டோ என வினவியவனுக்கு, உழுந்து தவிர வேறில்லை என வணிகன் விடையிறுப்பதை உரையாசிரியர்கள் காட்டுவர். பயறு இல்லை என்பது ஐயமற விளங்குகிறது. எனினும் வந்தவன் வெறும் 'இல்லை'யோடு திரும்பவில்லை. மடலுக்கும் இதுவே வழி. ஆனால் உழுந்து உண்மையில் கடையில் இருக்கவேண்டும். அந்நிறுவனம் கோப்புகளை மீண்டும் எடுத்துப் பார்ப்பதில்லை என மாணவரே ஒப்புக்கொண்டார். ஆகவே கோப்பு வாக்கியம் போயிற்று. அவர்களிடம் மெய்யாகவே இருந்தது யாது? பின்னர் வேறு பணி அறிவிக்கப்பட்டால் இவர்களும் புதிதாக விண்ணப்பிக்கலாம், தடையில்லை. அதனைச் சொன்னோம். 'புதிதாக' என்னும் சொல் முக்கியம். பழைய விண்ணப்பம் உயிரோடிருக்கிறது என்னும் மயக்கத்தை அது நீக்குகிறது.

மின்னஞ்சலுக்கே உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிடல் வேண்டும். எண்மருக்கும் ஒரே மடலைக் கணினி பெயர் மாற்றி அனுப்பும். பெயருக்குப் பின் 'க்கு' என உருபை ஒட்டிவைத்தால், செல்விக்கு என்பது சரியாகும். மாலாக்கு, சலீம்க்கு என்பன பிழையாகும். மாலாவுக்கு, சலீமுக்கு என உடம்படுமெய்யும் சாரியையும் கணினி அறியாது. பெயரை வேற்றுமை ஏலாது நிறுத்தி 'அவர்களுக்கு' எனத் தொடர்ந்தால் எப்பெயர்க்கும் பொருந்தும், மதிப்பும் கெடாது. தம் பெயரே பிழைபட்ட மடலில் அன்பைக் காண்பார் எவருமிலர்.

இவ்வாறு அமைந்த மடல் வருமாறு:

"பொருள்: கணக்கு உதவியாளர் பணித் தெரிவின் முடிவு.
திருமிகு செல்வி அவர்களுக்கு,
வணக்கம். கணக்கு உதவியாளர் பணிக்கான நேர்காணலுக்குத் தாங்கள் நேரில் வந்து, எங்கள் வினாக்களுக்குப் பொறுமையுடன் விடையளித்தமைக்கு நன்றி. இப்பணிக்கு இருந்த ஓரிடத்திற்கு வேறொருவரைத் தெரிவு செய்துள்ளோம். ஆகவே இப்பணியைத் தங்களுக்கு வழங்க இயலாது. இத்தெரிவு இத்துடன் நிறைவுற்றது. எங்கள் நிறுவனத்தில் பின்னர் வேறு பணி அறிவிக்கப்பெறின், தாங்கள் விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். தங்கள் திறமைக்கு ஏற்ற பணி விரைவில் அமைய வாழ்த்துகிறோம்."

பொருள் வரியில் 'முடிவு' என எழுதியதை மாணவர் தயக்கத்துடன் நோக்கினார். 'தங்கள் விண்ணப்பம் குறித்து' என்றிருந்தால் நல்ல செய்தியோ எனத் துடிப்புடன் திறப்பர்; முடிவு என்றால் இரண்டுக்கும் ஆயத்தமாகத் திறப்பர். 'நிறைவுற்றது' என்பதில் மங்கலத்தைச் சிறிது கலந்தோம். முன்னிரு வாக்கியங்கள் பொருளைத் தெளிவித்துவிட்டமையால் இங்கு அது மயக்கம் தராது. இம்மடலை ஒரு நிலையில் மட்டும் அனுப்பலாகாது என்றும் கூறினோம்: தெரிவு செய்யப்பெற்றவர் ஒப்புதல் தருமுன். அவர் வாரேன் எனின், இரண்டாம் நிலையில் உள்ளவரை அழைக்க நேரும். அப்போது 'நிறைவுற்றது' என்பது பொய்யாகிவிடும்.

மாணவர் மடலை இருமுறை படித்தார். "எழுவருக்கு இதை அனுப்புகிறேன் ஐயா. அந்தப் பெண்ணிடம் மட்டும் நேரில் சொல்லிவிட்டுப் பிறகு அனுப்புகிறேன்" என்றார்.