சாயப்பட்டறை யாருடையது?

திருப்பூரில் பல வருஷம் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். இப்போது சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெளிநாட்டு பையர்களுக்கு அனுப்பும் இங்கிலீஷ் ப்ரபோசல்களைத் திருத்திக் கொடுக்கிறேன். “அவர்கிட்ட கொடுத்தா இங்கிலீஷ் சப்புன்னு ஆயிடும்” என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆகும்தான். சில வாக்கியங்களை நான் வேண்டுமென்றேதான் சப்பென்று விடுகிறேன்.

நம் முதலாளிகள் எழுதும் இங்கிலீஷில் முக்கால்வாசியைக் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம். “வீ ஆர் ஹேவிங்” என்பதை “வீ ஹேவ்” ஆக்க வேண்டும். “டூ த நீட்ஃபுல்” இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை நேராக எழுத வேண்டும். “2 லேக் பீசஸ்” என்பது ஐரோப்பாக்காரருக்குப் புரியாது, 200,000 என்று போட வேண்டும். 05/06 என்று தேதி இருந்தால் மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும். இதெல்லாம் ஒரு மதியப் பொழுது வேலை. இதற்கு என்னைப் போன்ற ஆள் தேவையே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பனியன் கம்பெனி நடத்தும் ஒரு அண்ணன் தன் கையாலேயே ஒரு ப்ரபோசல் எழுதியிருந்தார். அதில் ஒரு வாக்கியம்: “டையிங் இஸ் டூயிங் இன் ஜீரோ டிஸ்சார்ஜ் பிளான்ட், சர்டிஃபைடு.” இலக்கணப்படி பார்த்தால் கண்ணில் குத்துகிற வாக்கியம். ஆனால் அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. சாயம் போடுவது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்.

திருப்பூரில் எத்தனை பேருக்குச் சொந்தச் சாயப்பட்டறை இருக்கிறது? பெரும்பாலும் ஜாப் வொர்க்தான். துணியை ஒரு பட்டறைக்கு அனுப்புவோம், அந்தப் பட்டறையின் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் இருப்பதுதான் இங்கே பிழைப்பதற்கே நிபந்தனை. பையர்களும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதனால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். “சாயம் எங்கங்ணா போடறீங்க?” என்றேன். “நம்ம பக்கத்துல ஒரு பட்டறைலதானுங்க, ஜாப் வொர்க்.” “சர்டிஃபைடுன்னு எழுதியிருக்கீங்களே, எதுக்குங்ணா சர்டிஃபிகேட்?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பட்டறைக்கு ஜி.ஓ.டி.எஸ். இருக்குதுங்க. நம்ம ஸ்கோப் சர்டிஃபிகேட்லயும் அவங்க பேரு இருக்குது” என்றார். ஐந்து நிமிஷப் பேச்சு. எழுதியவரை அவர் தாய்மொழியில் பேச வைத்தால், இங்கிலீஷில் மூடிக் கிடந்தது தானாக வெளியே வந்துவிடும். மெயிலில் கேட்டிருந்தால் இன்னும் இரண்டு குழப்பமான வாக்கியங்கள்தான் வந்திருக்கும்.

நான் எழுதிக் கொடுத்தது இது: “அவர் ஃபேப்ரிக் இஸ் டைடு பை எ ஜி.ஓ.டி.எஸ். சர்டிஃபைடு பார்ட்னர் யூனிட், கனெக்டட் டு எ ஜீரோ டிஸ்சார்ஜ் ட்ரீட்மென்ட் பிளான்ட்.” சாயம் போடுவது பார்ட்னர், சர்டிஃபிகேட் பட்டறைக்கு, சுத்திகரிப்பு நிலையம் தனி. மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ஜாப் வொர்க் என்ற சொல் நமக்குத்தான் பழக்கம், பையர்களுக்கு இல்லை. அதனால் “பார்ட்னர் யூனிட்” என்று எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் கம்பெனியில் யாரோ, மொழி எடுப்பாக இல்லை என்று ஃபைலை ஒரு கன்சல்டன்ட்டிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் யார் என்று சொல்லப் போவதில்லை. அவர் படித்த பள்ளியில் செயப்பாட்டு வினை கூடாது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல. எல்லா வாக்கியத்தையும் “வீ” என்று தொடங்கி வைத்துவிட்டார். சாய வாக்கியம் “வீ டை அவர் ஃபேப்ரிக் இன் அவர் சர்டிஃபைடு ஜீரோ டிஸ்சார்ஜ் பிளான்ட்” என்று ஆகிவிட்டது. சுருக்கமாக, கம்பீரமாக இருந்தது. ஒரே வரியில் அண்ணனுக்கு ஒரு சாயப்பட்டறையும் ஒரு சுத்திகரிப்பு நிலையமும் சொந்தமாகிவிட்டன.

பையரின் ஆடிட்டர் வந்தார். பிளான்ட்டைக் காட்டுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியைக் கொடுங்கள், ஸ்லட்ஜ் ரிஜிஸ்டர் எங்கே என்று கேட்டார். அண்ணனிடம் இருந்தது கட்டிங் மேசையும் தையல் லைனும்தான். ஜாப் வொர்க் செய்வது தப்பே இல்லை, ஜி.ஓ.டி.எஸ். அதை அனுமதிக்கிறது. சர்டிஃபிகேட்டில் பட்டறையின் பெயரும் இருந்தது. ஆனால் ப்ரபோசல் ஒன்று சொல்ல, சர்டிஃபிகேட் வேறொன்று சொன்னால், ஆடிட்டர் அடுத்த பக்கத்தை நம்பிப் படிப்பாரா? பெரிதாகப் பேசி வைத்திருந்த ஆர்டர் ஒரு சின்ன ட்ரையல் ஆர்டராகச் சுருங்கியது. அதன்பிறகு அண்ணன் எனக்குத்தான் போன் பண்ணினார். நான் அனுப்பிய ஃபைலையும் பையருக்குப் போன ஃபைலையும் வேர்டில் கம்பேர் போட்டு, மாறிய வரிகளைச் சிவப்பில் காட்டினேன். கன்சல்டன்ட் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்க்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அதே ஃபைலில் இன்னும் இரண்டு வரிகள் கெட்டிருந்தன. “மந்த்லி அப் டு 60,000 பீசஸ், இஃப் பேசிக் ரவுண்ட் நெக்” என்று அண்ணன் எழுதியிருந்தார். காலர் வைத்த போலோ என்றால் அதே லைனில் அத்தனை பீஸ் வராது என்பது தையல் தெரிந்தவருக்குத் தெரியும். கன்சல்டன்ட் “அப் டு” என்பதையும் “இஃப்” என்பதையும் தயக்கம் என்று நினைத்து வெட்டிவிட்டார். “45 டேஸ் ஃப்ரம் பி.பி. சாம்பிள் அப்ரூவல்” என்பது “வித்தின் 45 டேஸ்” ஆகிவிட்டது. எந்த நாளிலிருந்து 45? பையர் சாம்பிளை ஒப்புக்கொள்ள மூன்று வாரம் இழுத்தால் அந்த மூன்று வாரமும் நம் தலையில் விழும். கட்டுரையில் “அப் டு” தயக்கமாக இருக்கலாம். ப்ரபோசலில் அது வாக்குறுதியின் எல்லை.

அதனால் நான் திருத்தத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யார் செய்கிறார், எவ்வளவு, எந்த நாளிலிருந்து, எந்த நிபந்தனையில் என்று குறிப்பேன். காலியாக விழும் கட்டம்தான் போனில் கேட்க வேண்டிய கேள்வி. காலிக் கட்டத்தை நானாக நிரப்ப மாட்டேன். பதில் கிடைக்கவில்லை என்றால் அந்த வாக்கியத்தை மங்கலாகவே விட்டுவிட்டு, ஓரத்தில் கமென்ட் போட்டுத் திருப்பி அனுப்புவேன். திருத்தி முடித்ததும் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கொடுத்து, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்வேன். மேனேஜரைத்தான் கேட்க வேண்டும், முதலாளியைக் கேட்டால் தான் சொல்ல நினைத்ததையே சொல்வார். மேனேஜர் சொல்வதும் என் தாளில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் ஃபைலை மூடுவேன். அண்ணனின் சாய வரியை அப்படி யாராவது படித்திருந்தால், “நமக்கு எங்கீங்க பட்டறை?” என்று முதல் வரியிலேயே சிரித்திருப்பார்கள்.

இதற்கு நேரம் ஆகும், காசும் கூட ஆகும். ராத்திரி கொடுத்துக் காலையில் வேண்டும் என்பவர்கள் என்னிடம் வர வேண்டாம். ஆனால் நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஃபைலை வாங்கியவர் உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் திருத்தி அனுப்பினால், அதை பையருக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதிய பழைய ஃபைலையே அனுப்பினாலும் நஷ்டமில்லை. “டையிங் இஸ் டூயிங்” என்று எழுதியதற்காக எந்த ஆர்டரும் போய் நான் பார்த்ததில்லை.