நான்கு போன், ஒரு பில்: வாழ்வியல் கணிதத்தில் ஒரு வீட்டுக் கணக்கு

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதப் பாடத்தில் சதவீதம், தள்ளுபடி, சரக்கு மற்றும் சேவை வரி எல்லாம் வருகின்றன. இவை மூன்றும் ஒரே கணக்கில் சேர்ந்து வரும் இடம் மாணவர் வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் கைபேசிச் செலவு. வீட்டில் உள்ள எல்லா எண்களுக்கும் சேர்த்து ஒரே குடும்பத் திட்டம் எடுப்பதா, ஆளுக்கொரு ரீசார்ஜ் போடுவதா என்ற கேள்வியை முக்கூடலில் என் வகுப்பில் நான்கு பாடவேளைகளுக்கு எடுத்துக்கொண்டேன். அதில் மாணவர் எங்கே சறுக்கினார்கள், எப்படி மீண்டார்கள் என்பதைப் பகிர்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எந்த மாணவரின் வீட்டுக் கணக்கையும் கரும்பலகையில் போடக் கூடாது. தவணை, கடன் எல்லாம் வீட்டு மானம் சார்ந்தவை. அதனால் எங்கள் ஊருக்குப் பொருந்தும்படி ஒரு கற்பனைக் குடும்பத்தை வகுப்பே சேர்ந்து உருவாக்கியது. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அவரது போனில்தான் எட்டாம் வகுப்பு மகள் படிக்கிறாள். அண்ணன் பாலிடெக்னிக் மாணவன். ஆச்சியிடம் இருப்பது பட்டன் போன். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், சந்தை விலையை ஒட்டிப் பாடத்திற்கென எண்களை வைத்துக்கொண்டோம். நீங்கள் நடத்தும்போது அன்றைய விலையை எழுதிக்கொள்ளலாம்.

படி 1: என்ன செலவாகிறது?

விலையைப் பார்க்கும் முன் பயன்பாட்டைப் பார்க்க வேண்டும். ஸ்மார்ட்போன் அமைப்புகளில் மொபைல் டேட்டா ஒரு மாதத்தில் எவ்வளவு செலவானது என்று தெரியும். வைஃபையில் ஓடியது தனியாக இருக்கும். அதைச் சேர்க்கக் கூடாது. எங்கள் குடும்பத்தின் மாதக் கணக்கு இது: அப்பா 12 ஜிபி, அம்மா 9 ஜிபி, அண்ணன் 38 ஜிபி, ஆச்சி பூஜ்யம். மொத்தம் 59 ஜிபி.

பேச்சு நிமிடங்களையும் மாணவர் ஆர்வமாகக் கூட்டினார்கள். கூட்டி முடித்த பிறகு, “இதை எங்கே பெருக்குவது?” என்று கேட்டார்கள். எங்கும் பெருக்க வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவன எண்ணுக்குப் பேசினால் நிமிடத்திற்கு 6 பைசா இணைப்புக் கட்டணம் நிறுவனங்களுக்கிடையே முன்பு இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 2021 ஜனவரி 1 முதல் நீக்கியது. இன்றைய திட்டங்கள் பெரும்பாலானவற்றில் உள்நாட்டுப் பேச்சுக்கு அளவில்லை. வளைகுடாவில் இருக்கும் மாமாவுடன் வீடியோவில் பேசுவதும் பேச்சுக் கணக்கில் வராது, டேட்டா கணக்கில்தான் வரும். ஆக, நிமிடப் பட்டியலின் பயன் ஒன்றுதான்: பேச மட்டும் செய்பவர் யார் என்று அது காட்டிக்கொடுக்கும். இங்கே அது ஆச்சி.

படி 2: அலகை ஒன்றாக்குதல்

தனித்தனி முன்கட்டண ரீசார்ஜில் அப்பாவுக்கு ரூ.299, அம்மாவுக்கு ரூ.299, அண்ணனுக்கு ரூ.349, ஆச்சிக்கு ரூ.199. கூட்டினால் ரூ.1,146. குடும்பத் திட்டத்தில் முதல் எண்ணுக்கு 75 ஜிபியுடன் ரூ.449. கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 ஜிபியுடன் ரூ.150. நான்கு எண்களுக்கும் சேர்த்து ரூ.899.

“மாதம் 247 ரூபாய் மிச்சம்” என்று வகுப்பு உடனே சொன்னது. இரண்டு எண்களும் ஒப்பிடத் தக்கவையா என்று கேட்டேன். சிறிது நேரம் கழித்து ஒரு மாணவன், “சார், ரீசார்ஜ் 28 நாள்தானே?” என்றான். அங்கேதான் பாடம் தொடங்கியது.

28 நாள் என்பது மாதம் அல்ல. 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13-க்குச் சற்று அதிகம். ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். இந்தக் குறை குறித்த புகார்களுக்குப் பிறகுதான், 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022-இல் உத்தரவிட்டது. நம் வீட்டில் இருப்பது 28 நாள் திட்டம் என்பதால் ஆண்டுச் செலவு 1,146 × 13 = ரூ.14,898.

மறுபக்கத்திலும் ஒரு மறைவு உண்டு. முன்கட்டண ரீசார்ஜ் விலையில் 18 சதவீத வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பின்கட்டணத் திட்டத்தின் விளம்பர விலையில் அது சேர்ந்திருக்காது, பில்லில்தான் வரும். 899-க்கு 18 சதவீதம் ரூ.161.82. மாதம் ரூ.1,060.82. ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.12,730.

இரு பக்கமும் திருத்திய பிறகும் குடும்பத் திட்டமே ரூ.2,168 மலிவு. ஆனால் 247-ஐ 12-ஆல் பெருக்கி முதலில் வகுப்பு சொன்ன ரூ.2,964 மிச்சம் இல்லை.

படி 3: ஆச்சியைத் தனியே பார்த்தல்

ஆச்சியின் போனுக்கு டேட்டாவே வேண்டாம். ஆனாலும் ரூ.199-இல் டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் பணம் போகிறது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி திருத்தியது. அதன் செல்லுபடி 365 நாள் வரை இருக்கலாம். அத்தகைய ஓராண்டு ரீசார்ஜ் ரூ.1,850 என்று வைத்துக்கொண்டோம். இப்போது ஆச்சிக்கு ஆகும் செலவு 199 × 13 = ரூ.2,587. குடும்பத் திட்டத்தில் சேர்த்தால் வரியோடு மாதம் 177, ஆண்டுக்கு ரூ.2,124. பேச்சு மட்டும் உள்ளதே மலிவு.

அதனால் மூன்றாவது வழி ஒன்று பிறந்தது: மூவருக்குக் குடும்பத் திட்டம், ஆச்சிக்குத் தனி ரீசார்ஜ். 749-உடன் வரி சேர்த்து மாதம் ரூ.883.82, ஆண்டுக்கு ரூ.10,606. அதனுடன் 1,850 சேர்த்தால் ரூ.12,456. இதுவே ஆகக் குறைந்தது. “குடும்பமா, தனியா” என்ற கேள்விக்கு “கொஞ்சம் அது, கொஞ்சம் இது” என்பதும் விடையாகலாம் என்று மாணவர் கண்டுகொண்டார்கள்.

டேட்டா போதுமா? மூவருக்கும் பொதுவாக 85 ஜிபி; செலவு 59 ஜிபி. தனி ரீசார்ஜில் அண்ணனுக்கு நாளுக்கு 2 ஜிபி வீதம் 56 ஜிபி உண்டு. அவன் பயன்படுத்துவதோ 38 ஜிபிதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்த்தால் மாலைக்குள் வேகம் படுத்துவிடும். வாரநாளில் மிஞ்சியது ஞாயிறுக்குக் கைகொடுக்காது. மொத்தமும் சராசரியும் ஒன்றைச் சொல்ல, தினசரி வரம்பு வேறொன்றைச் சொல்லும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பொது டேட்டாவில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே வரம்பு தாண்டினால் ஒவ்வொரு ஜிபிக்கும் பில் ஏறும். கோடை விடுமுறை மாதத்தின் பயன்பாட்டையும் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

படி 4: தவணையை எங்கே எழுதுவது?

அண்ணனுக்குப் புதுப் போன் வாங்க வேண்டும். விலை ரூ.12,000. வட்டியில்லாத் தவணை, மாதம் ரூ.1,200 வீதம் 10 மாதம். இதைச் சேர்த்துக் கணக்கிடச் சொன்னேன். பாதிக் குழுக்கள் 12,000-ஐக் குடும்பத் திட்டத்தின் பக்கம் மட்டும் எழுதி, தனி ரீசார்ஜே மலிவு என்று முடித்துவிட்டன. கடைக்காரர் போனையும் திட்டத்தையும் சேர்த்தே பேசுவார் என்பதால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. ஒரு மாணவி எழுந்து, “எந்த சிம் போட்டாலும் போனுக்குத் தவணை கட்டத்தானே செய்யணும்?” என்றாள். அதுதான் சரி. இரு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டினால் சமனின்மை மாறாது. புத்தகத்தில் விதியாக இருந்ததை அவள் தன் வாயால் சொன்னாள். குடும்பத் திட்டத்தில் சேர்ந்தால் மட்டும் போனில் ஏதாவது தள்ளுபடி உண்டென்றால், அந்தத் தள்ளுபடித் தொகையை மட்டும் அந்தப் பக்கம் கழிக்கலாம்.

தவணைக்குள் இருக்கும் செலவு தனிக் கணக்கு. ரொக்கமாகக் கொடுத்தால் அதே போன் ரூ.11,200. தவணையில் 12,000, செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு வரி 90. மொத்தம் ரூ.12,590. வித்தியாசம் ரூ.1,390. வட்டி இல்லை என்ற பெயருக்கு உள்ளே, ரொக்க விலையில் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது.

படி 5: கூட்டல் சொல்லாதவை

அந்த வீட்டில் வருமானம் வாரக்கூலியாக வருகிறது. இன்று ஆளுக்கொரு தேதியில் ரீசார்ஜ் முடிகிறது. எந்த வாரமும் சுமை பெரிதாக இல்லை. குடும்பத் திட்டம் எடுத்தால் 884-ம் தவணை 1,200-ம் ஒரே வாரத்தில் விழக்கூடும். சேர்ந்து ரூ.2,084. ஒரு பில் தவறினால் மூன்று எண்களும் சேர்ந்து நிற்கும். அம்மாவின் வங்கிக் குறுஞ்செய்தியும் நின்றுபோகும். வங்கிக் கணக்கில் பணமில்லாமல் ஒரு தவணை திரும்பினால் அபராதம் வரும்.

இன்னொன்று, குடும்பத் திட்டத்தில் எல்லா எண்களும் ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தை மாற்ற, PORT என்பதோடு இடைவெளி விட்டு எண்ணையும் எழுதி 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, வரும் குறியீட்டைக் கொண்டு புதிய நிறுவனத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் மாறிய பிறகு 90 நாளுக்குள் மறுபடி மாற முடியாது. அப்பா வண்டி போகும் வழியில் அந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

கடைசிப் பாடவேளையில் குழுக்கள் முடிவைச் சொன்னார்கள். ஆச்சியை உடனே பேச்சு மட்டும் உள்ள ரீசார்ஜுக்கு மாற்றுவது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அதன் பிறகு தனித்தனி ரீசார்ஜின் ஆண்டுச் செலவு 947 × 13 + 1,850 = ரூ.14,161. கலப்பு வழியைவிட ரூ.1,705 அதிகம், மாதம் ஏறத்தாழ ரூ.142. ஒரு குழு உடனே மாறச் சொன்னது. இன்னொரு குழு, தவணை முடியும் 10 மாதம் வரை தனித்தனியாகவே இருக்கட்டும், அந்த 142 ரூபாய் பில்லும் தவணையும் ஒரே வாரத்தில் மோதாமல் இருக்கக் கொடுக்கும் விலை என்றது. இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன்; இரண்டிலும் கணக்கு சரி, காரணமும் எழுதப்பட்டிருந்தது.

வகுப்புக்கேற்ற மாற்றம்

4, 5 வகுப்புகளில் வரி, தவணை வேண்டாம். காகிதத்தில் ரீசார்ஜ் அட்டைகள் செய்து, நாள்காட்டியில் 28 நாளுக்கு ஒன்றாக ஒட்டச் சொல்லுங்கள். ஆண்டு முடிவதற்குள் 13-ஆவது அட்டை தேவைப்படுவதைக் குழந்தைகளே எண்ணிப் பார்ப்பார்கள். 9, 10 வகுப்புகளில் கூடுதல் எண்களை x எனக் கொண்டு குடும்பத் திட்டத்தின் மாதச் செலவை 1.18(449 + 150x) என எழுதி, எத்தனையாவது எண்ணில் அது தனி ரீசார்ஜைவிட மலிவாகிறது என்று வரைபடத்தில் காணச் செய்யலாம்.

மதிப்பீட்டு வினா: மேற்கண்ட குடும்பத்தில் அண்ணன் விடுதிக்குப் போய், அங்கே வைஃபை கிடைக்கிறது. அவனது மொபைல் டேட்டா 38 ஜிபியிலிருந்து 6 ஜிபியாகக் குறைகிறது. மூன்று வழிகளையும் மறுபடி கணக்கிட்டு, எந்த எண் மாறுகிறது, எது மாறவில்லை என்று காரணத்துடன் எழுதுக.