சிறுதொழிலில் சூரிய மின்தகடு: தேய்வுக் கழிவும் வைக்கவேண்டிய பதிவுகளும்

மலைநாட்டில் பால் பதனிடுவோர், தேயிலைப் பொதி கட்டுவோர், வெதுப்பகம் நடத்துவோர் ஆகியோருள் பலர் தம் கூரைகளில் சூரிய மின்தகடுகளை அமைத்து வருகின்றனர். அவற்றை விற்பவர்கள், “செலவிற் பெரும்பகுதி வரியில் திரும்பிவிடும்” என்று சொல்வதுண்டு. எவ்வளவு திரும்பும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே கடன் வாங்குதல் நன்று. அக்கணக்கை இத்துண்டுப்பிரசுரம் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றது.

எடுத்துக்காட்டு

கொட்டகலையில் ஒருவர் தம் வீட்டை ஒட்டிய அறையில் பாலைக் குளிரூட்டி, யோகட் செய்து விற்கிறார் எனக் கொள்வோம். அவர் 5 கிலோவாற்று ஆற்றலுள்ள தொகுதி ஒன்றை வாங்குகின்றார். தகடுகள், இன்வேட்டர், தாங்கிகள், கம்பிவேலை ஆகியவற்றுக்கு ரூ. 1,130,000, லொறிக் கூலி ரூ. 40,000, மின்வலையோடு இணைக்கும் கட்டணம் ரூ. 30,000. பொருளை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவர ஆன செலவு முழுவதும் அதன் கிரயமே. ஆகவே கிரயம் ரூ. 1,200,000 ஆகும்.

கூரை உளுத்திருந்து அதை மாற்றிக் கட்டியிருந்தால் அச்செலவை இதனுடன் சேர்த்தல் கூடாது. அது கட்டடத்தைச் சார்ந்தது; கட்டடத்துக்குக் கழிவு 20 ஆண்டுகளிலேயே கிடைக்கும்.

தொழிற் பங்கும் வீட்டுப் பங்கும்

ஒரே தொகுதி வீட்டுக்கும் தொழிலுக்கும் மின்சாரம் தருவதால், தொழிலுக்கான பங்கை முதலில் வரையறுத்தல் வேண்டும். மனக்கணக்காகப் “பாதி” என்று எழுதுவது போதாது. குளிரூட்டும் அறைக்குத் தனியே ஒரு சிறு மானி பொருத்தி, மூன்று மாதம் அளவெடுத்தால் உண்மை தெரியும். நம் தொழிலாளரின் அளவீட்டில் நான்கில் மூன்று பங்கு தொழிலுக்குச் செல்கின்றது. எனவே ரூ. 900,000 தொழிற் சொத்து, ரூ. 300,000 வீட்டுச் செலவு.

தொழிற் பங்குக்குரிய கழிவு

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, இயந்திரங்களுக்கும் உபகரணங்களுக்கும் 5 ஆண்டுகளில் சமபங்காகத் தேய்வுக் கழிவு வழங்கப்படும். ஆகவே ரூ. 900,000 இல் ஐந்தில் ஒன்றான ரூ. 180,000 ஆண்டுதோறும் கழியும்.

வரிமதிப்பாண்டு ஏப்பிரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகின்றது. அவ்வாண்டு முடிவில் சொத்து உரிமையிலும் தொழிற் பயன்பாட்டிலும் இருத்தல் வேண்டும். தொகுதி 2026 மார்ச் 10 இல் இயங்கத் தொடங்கினால், 2025/2026 ஆம் ஆண்டுக்கே முழுக்கழிவும் உண்டு. தகடுகள் மார்ச்சில் வந்து, இணைப்பு ஏப்பிரல் 5 இல் கிடைத்தால், கழிவு அடுத்த ஆண்டிலேதான் தொடங்கும்.

தொழிலாளர் தம் சொந்த ஏட்டில் தகடு 20 ஆண்டு உழைக்கும் எனக் கருதி ஆண்டுக்கு ரூ. 45,000 தேய்வு எழுதியிருக்கலாம். அதில் தவறில்லை. ஆயினும் வரிக்கணக்குச் செய்கையில் அந்த ரூ. 45,000 ஐ இலாபத்தோடு திரும்பக் கூட்டிய பின்னரே ரூ. 180,000 ஐக் கழிக்கவேண்டும். இரண்டையும் கழிப்பது பலர் அறியாமற் செய்யும் பிழையாகும்.

வீட்டுப் பங்குக்குரிய நிவாரணம்

இலங்கையில் வதியும் தனியாள் ஒருவர் தம் வளவில் சூரிய மின்தகடு அமைத்து, அதைத் தேசிய மின்வலையோடு இணைத்தால், அச்செலவுக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 600,000 வரை நிவாரணம் பெறலாம். நம் தொழிலாளரின் வீட்டுப் பங்கான ரூ. 300,000 இவ்வெல்லைக்குள் அடங்குகின்றது. தேய்வுக் கழிவு பெற்ற ரூபாயை மீண்டும் இங்கே காட்டுதல் கூடாது.

வரியில் மிஞ்சுவது எவ்வளவு?

அவருடைய தொழில் இலாபம், இக்கழிவுகளுக்கு முன், ரூ. 2,700,000 என்க. 2025/2026 ஆம் ஆண்டுக்குத் தனியாள் நிவாரணம் ரூ. 1,800,000. தகடு வாங்காதிருந்தால் வரிக்குரிய வருமானம் ரூ. 900,000. முதற் பத்து இலட்சத்துக்கு வரி 6 வீதமாதலால், அவர் ரூ. 54,000 செலுத்துவார்.

தகடு வாங்கியதால் ரூ. 180,000 உம் ரூ. 300,000 உம் கழிந்து, வரிக்குரிய வருமானம் ரூ. 420,000 ஆகின்றது. வரி ரூ. 25,200. முதலாண்டில் மிச்சம் ரூ. 28,800. வருமானமும் வரி வீதமும் மாறாதிருந்தால், அடுத்த நான்கு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ரூ. 10,800 வீதம் மிஞ்சும். ஐந்து ஆண்டுகளிலும் மொத்தம் ரூ. 72,000; அதாவது கிரயத்தில் நூற்றுக்கு ஆறு.

“பெரும்பகுதி திரும்பும்” என்னும் சொல்லின் உண்மை அளவு இதுவே. இலாபம் ரூ. 1,800,000 இற்குக் குறைவாக இருப்பவருக்கு இந்த மிச்சமும் இல்லை. அவர் எப்படியும் வரி செலுத்துபவர் அல்லர். அவ்வாண்டுக்குரிய தேய்வுக் கழிவை நல்ல இலாபம் வரும் ஆண்டுக்கென்று ஒத்திவைக்கவும் முடியாது.

ஆகவே கொள்வனவைத் தாங்கவேண்டியது மின் பட்டியலின் குறைவேயாகும். மாதம் ரூ. 15,000 குறைந்தால் ஆண்டுக்கு ரூ. 180,000, கிரயம் மீள ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் செல்லும். கடன் வட்டி இருந்தால் காலம் இன்னும் நீளும். வட்டியின் தொழிற் பங்கைச் செலவாகக் கழிக்கலாம். முதலைத் திருப்பிக் கட்டுவது செலவன்று. தென்மேல் பருவக் காற்றுக் காலத்தில் முகில் மூடிய மாதங்களில் உற்பத்தி குறையுமாதலால், வெயில் மாதம் ஒன்றின் கணக்கை வைத்து ஆண்டை மதிப்பிடுதல் கூடாது.

வைக்கவேண்டிய பதிவுகள்

1. விலைப்பட்டியலும் பற்றுச்சீட்டும்: இவை வரி செலுத்துபவரின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். தகடு, இன்வேட்டர் ஆகியவற்றின் தொடரிலக்கங்களும் அவற்றிற் காணப்படல் வேண்டும். பணத்தை வங்கி மூலம் செலுத்தினால் அதுவே இரண்டாவது சான்றாகும்.

2. இணைப்பு ஒப்பந்தமும் இயங்கத் தொடங்கிய திகதியைக் காட்டும் கடிதமும்: கழிவு எந்த ஆண்டில் தொடங்கும் என்பதை இவை தீர்மானிக்கும். மின் கணக்கு தந்தையின் பெயரிலோ தோட்ட நிருவாகத்தின் பெயரிலோ இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னரே பெயரைச் சீர்செய்தல் வேண்டும். கட்டடம் தோட்டத்துக்கு உரியதாயின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை.

3. பங்கீட்டுத் தாள்: மூன்று மாத மானி அளவுகளும் அவற்றிலிருந்து பெற்ற பங்கும்.

4. மாத ஏடு: உற்பத்தி அலகு, மின்வலைக்குச் சென்ற அலகு, மின் பட்டியல் தொகை. மிகை மின்சாரத்துக்குப் பணம் கிடைக்கும் திட்டமாயின் அது வரவாகும், எழுதாமல் விடலாகாது. அலகுகள் மட்டும் அடுத்த மாதத்துக்குக் கொண்டுசெல்லப்படும் திட்டமாயின், குறைந்த பட்டியலையே செலவாக எழுதவேண்டும்.

5. சொத்துப் பதிவேடு: கிரயம், தொழிற் பங்கு, ஆண்டுக் கழிவு, எஞ்சிய பெறுமதி. தொகுதியை விற்கும் நாள் வரையும், அதன் பின்னர் வரிக்கணக்கு முடியும் வரையும் இதைக் காத்தல் வேண்டும். கழிவு முழுவதும் பெற்ற பின் தொகுதியை விற்றால், விற்பனைத் தொகையின் தொழிற் பங்கு வருமானத்திற் சேரும்.

வருமான விவரத்திரட்டு நவம்பர் 30 இற்குள் சேரவேண்டும். மேற்கூறிய ஐந்தையும் ஒரே கோவையில் இட்டு, மார்ச் 31 அன்று மானியின் அளவை அதிற் குறித்து வைத்தால், நவம்பரில் கணக்கெழுத அதுவே போதுமானது.