நீள மெயிலை நாலு வரியாக்குவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் மெயிலை இன்லேண்ட் லெட்டர் போலவே எழுதுகிறார்கள். இன்லேண்ட் லெட்டரில் இடம் தீர்ந்தால் கடிதமும் முடிந்துவிடும். மெயிலில் இடம் தீராது. எனவே, எதற்காக எழுத உட்கார்ந்தோமோ அந்த விஷயம் நடுவில் எங்கோ புதைந்து போகிறது. அதைத் தோண்டி எடுத்து, மனசில் இருப்பதும் கெடாமல் சுருக்குவதற்கு எம்.எஸ். வேர்டிலேயே ஒரு வழி இருக்கிறது. எங்கள் தெருவில் உள்ள ஒரு அக்கா குவைத்தில் வேலை பார்க்கும் தம்பிக்கு எழுதிய மெயிலை வைத்தே பார்ப்போம். அவர் எழுதியது இது:

"அன்புள்ள தம்பிக்கு, இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இதை நானே டைப் செய்கிறேன். அத்தானுக்குச் சளி பிடித்து இப்போது பரவாயில்லை. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். வருகிற புதன்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். செலவு அதிகம்தான், ஆனால் நீ போன மாதம் அனுப்பியதில் மீதி இருக்கிறது. தெருவில் யாரோ ஒரு பாட்டிக்குப் பார்வையே போய்விட்டது என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். அம்மா மாட்டவே மாட்டேன் என்கிறாள். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். லென்ஸில் விலை குறைந்ததும் இருக்கிறது, கூடியதும் இருக்கிறது என்கிறார்கள். உன் போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்க்கிறாள். எனக்கு மனசே சரியில்லை. உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். முடிந்தால் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசு. நீ சொன்னால் கேட்பாள். அடுத்த வீட்டில் கிரகப்பிரவேசம் நடந்தது. பணம் பற்றிக் கவலைப்படாதே."

மொத்தம் 18 வாக்கியங்கள். தம்பி செய்ய வேண்டியது என்ன? அது 15-வது வாக்கியத்தில் இருக்கிறது. அதற்குள் செலவு, லென்ஸ் விலை எல்லாம் வந்துவிட்டன. கடைசி வரியும் பணத்தில்தான் முடிகிறது. வேலை நேரத்தில் செல்போனில் அவசரமாகப் படிப்பவர், "அக்காவுக்குப் பணம் தேவை போலிருக்கிறது, கேட்கக் கூச்சப்படுகிறார்" என்று நினைத்துப் பணத்தை அனுப்பிவிடுவார். போன் செய்ய மாட்டார். புதன்கிழமை கடந்து போய்விடும்.

இதை இப்போது பிரிப்போம். எழுதியதை முழுவதும் காப்பி செய்து வேர்டில் ஒரு புதிய ஃபைலில் ஒட்டிக்கொள்ளுங்கள். மெயிலில் To பெட்டியைக் காலியாகவே விட்டுவையுங்கள். அரைகுறையாக இருக்கும்போது Send பட்டனில் கை பட்டாலும் மெயில் போகாது.

அடுத்து Ctrl+H அழுத்துங்கள். வரும் பெட்டியில் Find what என்ற இடத்தில் ஒரு புள்ளியும் ஒரு இடைவெளியும் கொடுங்கள். Replace with என்ற இடத்தில் கீழே உள்ளபடி டைப் செய்து Replace All க்ளிக் செய்யுங்கள்.

```
.^p
```

^p என்றால் வேர்டுக்குப் புதிய பாரா என்று அர்த்தம். ஒவ்வொரு வாக்கியமும் தனி வரியாக வந்து நிற்கும். "ரூ. 500" என்று எழுதியிருந்தால் அதுவும் இரண்டாக உடையும். அதை மட்டும் கையால் சேர்த்துவிடுங்கள்.

இப்போது ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு எண் போடுங்கள். படிப்பவர் செய்ய வேண்டிய வேலை என்றால் 1. அது தெரியாவிட்டால் வேலையைத் தவறாகச் செய்வார் என்றால் 2. எழுதுகிறவர் மனசு தெரிகிற வரி என்றால் 3. மற்றவை எல்லாம் 4.

அக்காவின் மெயிலில் "அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசு" மட்டும்தான் 1. புரை, புதன்கிழமை, பயமுறுத்தியது, மாட்டேன் என்பது, நீ சொன்னால் கேட்பாள் ஆகிய ஐந்தும் 2. லென்ஸ் விலைக்கு 4 போட்டோம். ஆனால் "பணம் பற்றிக் கவலைப்படாதே" என்பதற்கு 2 போட்டோம். அது இல்லாவிட்டால் தம்பி பணம் அனுப்பக் கிளம்பிவிடுவார் அல்லவா? போட்டோ, மனசு சரியில்லை ஆகிய இரண்டும் 3. மீதி ஒன்பதும் 4.

Ctrl+A கொடுத்து எல்லாவற்றையும் செலக்ட் செய்துகொண்டு, Home டேபில் A, Z எழுத்துகளோடு அம்புக்குறி போட்ட Sort பட்டனை அழுத்தி OK கொடுங்கள். எண் வாரியாக வரிகள் அடுக்கப்பட்டு, பாதி மெயில் 4 என்ற எண்ணோடு கீழே போய்விடும். ஒரே எண்ணுள்ள வரிகள் அகர வரிசையில் மாறிக் கிடக்கும் என்பதால், அவற்றைப் படித்துப் பார்த்து மேலும் கீழும் நகர்த்த வேண்டும். 4-ஆம் எண் வரிகளை அழிக்காதீர்கள். Ctrl+X செய்து வேறொரு ஃபைலில் வையுங்கள். அத்தான் சளியும் கிரகப்பிரவேசமும் தம்பிக்கு வேண்டிய செய்திகள்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மெயிலாகப் போகட்டும்.

மீதியைச் சேர்த்து எழுதியபோது இப்படி வந்தது:

"தம்பி, 12-ம் தேதி வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, உங்கள் நேரம் சாயங்காலம் 4 மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்து கண் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கச் சொல்லு.
17-ம் தேதி புதன்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். யாரோ பயமுறுத்தியதால் மாட்டேன் என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள்.
உன் போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துத்தான் பார்க்கிறாள்.
பணம் இருக்கிறது, அனுப்ப வேண்டாம். - அக்கா"

"முடிந்தால்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டதைக் கவனியுங்கள். மரியாதைக்காகத்தான் அதைப் போடுகிறோம். ஆனால் படிப்பவருக்கு அது "முடியாவிட்டாலும் பரவாயில்லை" என்று கேட்கும். அதற்குப் பதில் நாளும் நேரமும் வந்திருக்கின்றன. குவைத்தில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அங்கே 4 மணி என்றால் இங்கே 6.30. அம்மா வீட்டில் இருக்கும் நேரம். "வருகிற புதன்" என்பதும் தேதியாக மாறிவிட்டது. மெயிலை இரண்டு நாள் கழித்துத் திறந்தால் எந்தப் புதன் என்ற குழப்பம் வரும்.

"உத்தரவு போடுகிற மாதிரி இருக்கிறதே" என்று அக்கா தயங்கினார். நியாயமான தயக்கம்தான். முதலில் "தம்பி" என்று கூப்பிட்டிருப்பதும் "லீவுதானே" என்று கேட்டிருப்பதும் அதைக் கொஞ்சம் சரிக்கட்டுகின்றன. மற்றதை போட்டோ வரி பார்த்துக்கொள்கிறது. "எனக்கு மனசே சரியில்லை" என்ற வரியை ஏன் எடுத்தோம்? அது எந்தக் கடிதத்திலும் வரக்கூடிய வரி. போட்டோ வரி இந்த அம்மாவைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும். 3-ஆம் எண் வரிகளில் ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் கண்ணால் பார்த்ததை வையுங்கள்.

Subject பெட்டியில் "விசேஷம்" என்றோ "அக்கா எழுதுவது" என்றோ போடாதீர்கள். "வெள்ளிக்கிழமை அம்மாவிடம் பேசு - கண் ஆபரேஷன்" என்று போட்டால் மெயிலைத் திறக்கும் முன்பே விஷயம் போய்விடும்.

சரியாகச் சுருக்கினோமா என்று பார்க்க, விஷயம் தெரியாத ஒருவரிடம் முதல் இரண்டு வரிகளை மட்டும் காட்டி, "தம்பி என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். "பேச வேண்டும்" என்றால் சரி. "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று திருப்பிக் கேட்டால் அதிகமாக வெட்டிவிட்டீர்கள். 2-ஆம் எண் வரி ஏதோ விடுபட்டிருக்கிறது.

தம்பி மெயில் பார்க்காத இடத்தில் இருந்தால் எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்துகள் போகும். தமிழில் 70 மட்டுமே. காரணம், தமிழ் யூனிகோடில் போகிறது, ஒவ்வொரு குறிக்கும் அதிக இடம் பிடிக்கும். புள்ளியும் கொக்கியும் கூடத் தனித்தனியாக எண்ணப்படும். "தம்பி" நமக்கு மூன்று எழுத்து. செல்போனுக்கு த, ம, புள்ளி, ப, கொக்கி என்று ஐந்து.

"வெள்ளி அம்மாவிடம் பேசு. கண் ஆபரேஷனுக்கு நீ சொன்னால் கேட்பாள். அக்கா" என்பது இடைவெளிகளோடு 67. ஒரே செய்தியில் போய்விடும். முன்னால் "தம்பி," சேர்த்தால் 74 ஆகி இரண்டு எஸ்.எம்.எஸ். கணக்கில் வரும். அப்படி நீளும்போது ஒவ்வொரு பகுதிக்கும் 67 எழுத்துதான், ஆக 134. என்னைக் கேட்டால் இரண்டாவது செய்திக்கான காசைக் கொடுத்துவிட்டு "தம்பி"யைச் சேர்த்துக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் இடத்தில் 17-ம் தேதியையும் போட்டுவிடலாம்.