பானை ஓட்டின் காலம்: ஆய்வரங்கில் கேட்க வேண்டியவை

எழுத்துப் பொறித்த பானை ஓட்டுக்குக் கரிமக் காலக்கணிப்பின்படி இன்ன ஆண்டு என்று அரங்கில் சொல்லப்படும்போது, முதலில் கேட்க வேண்டியது எந்தப் பொருள் சோதிக்கப்பட்டது என்பதே. உயிர் இழந்த பொருளில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளப்பதே இம்முறை. சுட்ட மண்ணின் வயதை அது சொல்லாது, ஓட்டின் அருகில் கிடந்த கரியின் அல்லது தானியத்தின் வயதையே சொல்லும். கரியென்றால் அது சிறு சுள்ளியா, பெருமரத்தின் வைரப்பகுதியா என்று கேட்பது அவசியம், ஏனெனில் மரத்தின் உள்வளையங்கள் மரம் வெட்டப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே கரிமம் ஏற்பதை நிறுத்தியிருக்கக்கூடும். ஒரே பருவத்தில் விளைந்து அறுவடையாகும் நெல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்த கேள்வி, சோதித்த பொருளும் ஓடும் ஒரே காலத்தில் மண்ணுக்குள் சென்றன என்பதற்கு என்ன சான்று என்பதாகும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205 என்றும் 2019-இல் அறிவிக்கப்பட்டது. ஆழமானது பழையதாகவும் மேலுள்ளது பிந்தியதாகவும் அமைந்திருப்பது மண்ணடுக்கு வரிசைக்கு வலுச் சேர்க்கிறது; ஆயினும், இடையில் கிடைக்கும் ஒவ்வோர் ஓட்டின் காலத்தையும் அதுவே உறுதிசெய்துவிடாது. ஆகவே ஆழத்தின் அளவோடு நிறைவடையாமல், குழிச்சுவரின் வெட்டுமுகப் படத்தைக் காட்டுமாறு கேட்க வேண்டும். அதில் அடுக்கைக் குறுக்கே வெட்டி இறங்கும் நிறம் மாறிய இளகிய மண், பிற்காலத்தில் தோண்டிய குழியையோ எலி வளையையோ குறிக்கும். ஒரே பானையின் உடைந்த துண்டுகள் இரண்டு அடுக்குகளில் கிடைத்திருந்தாலும் மண் கலைந்திருக்கிறது என்று கொள்ளலாம். பொருந்தலில், நான்கு கால் சாடிக்குள் இருந்த நெல்லும் எழுத்துப் பொறித்த புரிமணையும் ஒரே ஈமக்குழியைச் சேர்ந்தவை என்பதால் அங்கே தொடர்பு நெருக்கமானது. அந்த ஈமக்குழி மறுமுறை திறக்கப்பட்டதா என்பது மட்டுமே அங்கு எஞ்சும் கேள்வி.

பலரும் கேட்கத் தவறுவது, அறிவிக்கப்பட்ட ஒற்றை ஆண்டுக்குப் பின்னால் உள்ள வீச்சு எவ்வளவு என்பதே. வளிமண்டலக் கரிமத்தின் அளவு காலந்தோறும் மாறியிருப்பதால், ஆய்வகத்தின் அளவீட்டை மரவளையங்களிலிருந்து வகுத்த திருத்தக் கோட்டோடு ஒப்பிட்டே நாள்காட்டி ஆண்டைப் பெற வேண்டும். கி.மு. 800-க்கும் 400-க்கும் இடையே இந்தக் கோடு ஏறக்குறைய தட்டையாக ஓடுகிறது. எடுத்துக்காட்டாக, 1950-இலிருந்து பின்னோக்கி 2450 ஆண்டுகள், பிழை வரம்பு 30 என்று ஓர் அளவீடு வந்தால், திருத்திய பின் 95 விழுக்காட்டு உறுதியுடன் சொல்லக்கூடியது சுமார் கி.மு. 750 முதல் 410 வரை என்பது மட்டுமே.

இந்த முழு வீச்சையும் முடிவுரையில் பொருத்திப் பார்க்குமாறு உரையாளரைக் கேட்கலாம். ‘அசோகருக்கு முற்பட்டது’ என்பது முடிவானால், அசோகர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டினர் என்பதால், ஓட்டுக்கும் மாதிரிக்கும் உள்ள தொடர்பு உறுதியாக இருக்கும்வரை, வீச்சின் எந்த முனையை எடுத்தாலும் அது நிலைக்கும். ‘கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கு உரியது’ என்பது முடிவானால், இந்த ஒரு மாதிரியைக் கொண்டு அதை நிறுவ இயலாது.