வராத பணத்துக்கு மூன்று கடிதங்கள்

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஒரு நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக் கொடுத்து, மே 11 அன்று 60,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் அனுப்பினேன். முப்பது நாளில் பணம் என்பது பேச்சு. ஜூன் 10 வந்தது, பணம் வரவில்லை.

அப்போது கை தானாக எழுதுகிற கடிதம் இப்படித்தான் இருக்கும்: “பலமுறை கேட்டும் பதில் இல்லை. உங்களுக்கு இது சிறிய தொகை, எனக்கு வீட்டு வாடகை. இன்னும் தாமதித்தால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்.” இதில் இன்வாய்ஸ் எண் இல்லை, தேதி இல்லை. படிக்கிற மேலாளர் இதை அப்படியே அக்கவுண்ட்ஸுக்கு ஃபார்வர்டு செய்யவும் முடியாது. பணம் போடுகிறவர்கள் அக்கவுண்ட்ஸ்காரர்கள்தான். எந்த நினைவூட்டலும் அவர்கள் மேசைவரை போகிற மாதிரி இருக்க வேண்டும்.

அதனால் ஜூன் 13 அன்று அந்தக் கடிதத்தை இப்படி மாற்றினேன்:

“வணக்கம் சார். கையேடு அச்சுக்குப் போய்விட்டது என்று அறிந்து மகிழ்ச்சி. இன்வாய்ஸ் எண் 24, தொகை ரூ. 60,000, ஜூன் 10 அன்று வரவேண்டியது. வேலை நெருக்கடியில் விடுபட்டிருக்கலாம் என்பதால் மீண்டும் இணைத்திருக்கிறேன். என் தரப்பில் ஏதாவது தாள் தேவைப்பட்டால் சொல்லுங்கள், இன்றே அனுப்புகிறேன்.”

“தொந்தரவுக்கு மன்னிக்கவும்” என்று எழுதவில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்பதில் மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை. கடைசி வாக்கியத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பணம் நிற்பதற்கு மனமின்மையைவிட, எங்கோ ஒரு தாள் குறைவதே பெரும்பாலும் காரணம்.

“ப்ராசஸ்ல இருக்கு சார்” என்று பதில் வந்தது. இந்தப் பதிலில் தேதி இல்லை, பொறுப்பாளரும் இல்லை. இதற்கு நன்றி சொல்லிக் காத்திருந்தால் மாதங்கள் ஓடும். ஜூன் 24 அன்று, அதே மின்னஞ்சல் தொடரில், அக்கவுண்ட்ஸ் முகவரியையும் சேர்த்து எழுதினேன்:

“வணக்கம். இன்வாய்ஸ் 24-க்கான ரூ. 60,000 வரவேண்டிய நாள் கடந்து இரண்டு வாரம் ஆகிறது. இது இப்போது யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் வரவாகும் என்ற இரண்டையும் ஜூன் 27-க்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

நலம் விசாரிப்பு போய்விட்டது, மரியாதை அப்படியே இருக்கிறது. மறுநாளே அக்கவுண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா எழுதினார்: வெண்டார் பதிவு முடியவில்லை, கேன்சல்டு செக் வேண்டும். இதை அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அன்றே அனுப்பினேன். ஆனால் தேதி மட்டும் வரவில்லை. ஜூலை 3 அன்று கடைசிக் கடிதம்:

“வணக்கம். இன்வாய்ஸ் 24 தொடர்பாக நான் எழுதும் கடைசி நினைவூட்டல் இது. கேட்ட தாள்கள் ஜூன் 25 அன்றே தரப்பட்டன. ஜூலை 10-க்குள் தொகையைச் செலுத்துங்கள். ஒரே தவணையில் இயலாவிட்டால் இரண்டு தேதிகளை எழுதித் தாருங்கள், ஏற்கிறேன். அதுவரை கையேட்டின் இரண்டாம் பாகத்தை நான் தொடங்கவில்லை. பணம் வந்த மறுநாள் தொடங்குவேன்.”

இதில் அவர்களை என்ன செய்வேன் என்று ஒரு வரிகூட இல்லை. என் வேலையை நான் என்ன செய்வேன் என்பது மட்டும் இருக்கிறது. எழுதியபடியே நடக்கவும் வேண்டும். “கடைசி” என்று எழுதிவிட்டு நான்காவதாக ஒன்று அனுப்பினால், அடுத்த முறை உங்கள் தேதியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

வாங்குபவர் வேலையின் தரத்தையே குறை சொல்கிறார் என்றால் இந்த வரிசை உதவாது. முதலில் அந்தக் குறையைப் பேசித் தீர்க்க வேண்டும். மூன்றுக்கும் பதிலே இல்லை என்றால் கடிதத்தின் வேலை முடிந்தது. குறு, சிறு தொழிலாக உத்யம் பதிவு வைத்திருப்பவர்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணை இருக்கிறது. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது என்கிறது அது. அந்தச் சட்டத்தின் கீழ் இணையத்தில் புகார் கொடுக்கலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது. ஆனால் அந்த வழியை நினைவூட்டலில் இழுக்காதீர்கள். சட்டத்தின் பெயரைக் கண்டதும் கடிதம் அக்கவுண்ட்ஸை விட்டு வக்கீலிடம் போய்விடும், பணம் இன்னும் தள்ளிப்போகும்.

எனக்கு ஜூலை 9 அன்று 54,000 ரூபாய் வரவானது. மீதி 6,000 குறைவு அல்ல, பத்து சதவீத டிடிஎஸ். அது உங்கள் பான் எண்ணில் ஏறிவிட்டதா என்று, அந்தக் காலாண்டின் கணக்கு தாக்கலானதும் வருமான வரித் தளத்தில் பார்த்துவிடுங்கள்.